அடுப்ப மட்டும் எண்ணாதீங்க: சன் சூ வகுப்பு எடுக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

கம்பெனிகள்லயும் காலேஜ்கள்லயும், பழைய சீனப் போர்நூல் எழுதுன சன் சூ பேர்ல ஸ்லைடு போட்டு வகுப்பு எடுக்கிற ட்ரெய்னர்களுக்கும், அதையே அஞ்சு நிமிஷ வீடியோவா போடுறவங்களுக்கும் சேத்துதான் இத எழுதுறேன். போன மாசம் அப்படி ஒரு வகுப்புல நானும் உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரத்துல "போர்ங்கறதே ஏமாத்துற வழி"ங்கற வரி நாலு தடவ ஸ்கிரீன்ல வந்துச்சு, அப்புறம் எதிராளிய எப்படி குழப்புறதுன்னு குரூப் குரூப்பா ஒரு கேம் ஆட வெச்சாங்க, அவ்ளோதான் முடிஞ்சிருச்சு. பக்கத்துல இருந்த பையன், வேலைக்கு சேந்து மூணு மாசம்கூட ஆகல, "அப்ப நல்லா பொய் சொல்றவன்தான் ஜெயிப்பான்னு சொல்றாராண்ணா"ன்னு என்கிட்ட கேட்டான். அந்த இடத்துல என்னால ஒழுங்கா பதில் சொல்ல முடியல. பல வருஷமா இந்த நூலயும் அதச் சுத்தி இருக்கற சீன வரலாறையும் மொழிபெயர்ப்புல திரும்பத் திரும்ப படிக்கிறவன் நான், அதனால அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்தும் என்ன விடல. அவனுக்கு சொல்லிருக்க வேண்டியத உங்களுக்கே எழுதிரலாம்னு தோணுச்சு.

நீங்க காட்டுற அந்த வரி முதல் அதிகாரத்துல வருது. அடுத்த பக்கத்த திருப்புனா ரெண்டாவது அதிகாரம், அதுல ஏமாத்துறதப் பத்தி பேச்சே கிடையாது, முழுக்க முழுக்க செலவுக் கணக்கு. வேகமான தேர் ஆயிரம், சாமான் ஏத்துற தேர் ஆயிரம், கவசம் போட்ட ஆள் ஒரு லட்சம், இவங்களுக்கு ஆயிரம் லீ தூரத்துக்கு சோறு கொண்டுபோகணும் (ஒரு லீங்கறது அந்தக் காலத்துல ஏறக்குறைய 400 மீட்டர்), தேர் வண்டிக்கு பசை, அரக்கு, வந்துபோற விருந்தாளி செலவு எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஆயிரம் பொன்னு ஆகும்னு ஆரம்பிக்கிறாரு. பசையும் அரக்கும்கூட கணக்குல இருக்கு பாருங்க, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கணக்கப்பிள்ளை மாதிரி உக்காந்து எழுதிருக்காரு. அப்புறம் சொல்றாரு, படை தங்குற ஊருக்குப் பக்கத்துல வெலவாசி ஏறும், வெல ஏறுனா சனங்க கைல இருக்கறது கரையும், குடிமக்கள் சொத்துல பத்துல ஏழு பங்கு போயிரும், அரசாங்கத்துக்கு உடஞ்ச தேர், செத்த குதிரை, தேஞ்ச கவசம்னு பத்துல ஆறு பங்கு போயிரும். கடைசி அதிகாரத்துல இதுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு, ஒரு லட்சம் பேர் படையெடுத்துப் போனா ஊர்ல ஏழு லட்சம் குடும்பத்துக்கு விவசாய வேலை நின்னுபோகுதுன்னு.

இந்த செலவ மனசுல வெச்சுகிட்டு முதல் அதிகாரத்துக்கு திரும்பிப் போனீங்கன்னா அந்த வரி வேற மாதிரி படும். ஒவ்வொரு நாளும் ஊர் அழியுது, அதனால சண்டை சீக்கிரம் முடியணும், ஆனா எதிரி பலமான எடத்துல உக்காந்திருந்தா சீக்கிரம் முடியாது, அவன் அங்கேருந்து தானா எந்திரிச்சு தனக்குக் கெட்ட எடத்துக்கு வரணும், அவன அப்படி வரவைக்கிறதுக்குத்தான் அந்த ஏமாத்து வேலை. செலவு, எடம், ஏமாத்து மூணும் ஒரே கயிறு. நீங்க கயிறோட ஒரு நுனிய மட்டும் வெட்டி ஸ்லைடுல ஒட்டிருக்கீங்க, அதனாலதான் அந்தப் பையனுக்கு அது பொய் சொல்ற பாடமா கேட்டுச்சு.

இது வெறும் வியாக்கியானம் இல்லன்னு காட்ட ஒரு சம்பவம் சொல்றேன். கி.மு. 341, சீனா பல தனித்தனி நாடா இருந்து அடிச்சுகிட்ட காலம், மாலிங்ங்கற எடம். சன் சூ வம்சத்துல வந்தவர்னு சொல்லப்படுற சன் பின் நடத்துன சண்டை இது. பழைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதுன வரலாறுல இருக்கு, உங்கள்ல சிலர் இந்தக் கதைய தொட்டிருப்பீங்க, ஆனா நான் பாத்த வகுப்புகள்ல எல்லாம் அடுப்பு தந்திரத்தோட நிறுத்திட்டாங்க.

சன் பின்னும் பாங் ஜுவானும் ஒண்ணா போர்நூல் படிச்சவங்க. பாங் ஜுவான் வெய் நாட்டுல தளபதி ஆனான், தன்னவிட கெட்டிக்காரன் இவன்னு தெரிஞ்சு கூப்பிட்டுவிட்டு, பழி சுமத்தி கால வெட்டி முகத்துல குத்தம் பச்ச குத்திட்டான். சன் பின் எப்படியோ ச்சி நாட்டுத் தூதரோட வண்டியில ஒளிஞ்சு தப்பிச்சு, ச்சி தளபதி தியான் ஜிகிட்ட போய்ச் சேந்தாரு. கால் இல்லாததால மூடுன வண்டிக்குள்ள உக்காந்துகிட்டே ஆலோசனை சொல்வாரு, தளபதி பட்டத்த குடுத்தும் வேண்டாம்னுட்டாரு.

இப்ப வெய் படை ஹான் நாட்ட தாக்குது. ஹான் ச்சிகிட்ட உதவி கேக்குது. ச்சி உடனே போகல. உதவி உண்டுன்னு ஹானுக்கு வாக்கு மட்டும் குடுத்துட்டு, அவங்களும் அந்த நம்பிக்கையில அஞ்சு சண்டை போட்டு அஞ்சும் தோத்து, வெய் படையும் களைச்சதுக்கு அப்புறம்தான் ச்சி படை கெளம்புது. (இதுல ஒரு ஈரமில்லாத்தனம் இருக்கு, ஹான்காரன் செத்தது செத்ததுதான், அத மறைக்காம சொல்லித்தான் பாடம் எடுக்கணும்னு நினைக்கிறேன்.) கெளம்புன படை ஹானுக்கு போகல, நேரா வெய் தலைநகர் தாலியாங் பக்கம் திரும்புச்சு. 12 வருஷம் முன்னாடி சாவ் நாட்ட காப்பாத்தும்போதும் இதேதான் செஞ்சாங்க, முற்றுகை நடக்கற எடத்துக்கு போய் மல்லுக்கட்டாம, அடிக்கிறவன் வீட்டு வாசல்ல போய் நின்னா அவனே விட்டுட்டு ஓடிவருவான். செலவுக் கணக்கு இங்கயே ஆரம்பிச்சிருச்சு பாருங்க, அவசரமா தூரம் நடக்கறது இப்ப எதிரியோட பாடு.

பாங் ஜுவானும் ஹான விட்டுட்டு திரும்புனான். ச்சி படை எல்லைய தாண்டி வெய் நாட்டுக்குள்ள போயாச்சு, அவன் பின்னாடி வர்றான். அப்பதான் சன் பின் சொல்றாரு, வெய் ஆளுங்க முரட்டு வீரனுங்க, ச்சி ஆளுங்கள கோழைன்னு எளப்பமா பேசுறவங்க, அந்த எளப்பத்தையே நாம வழியா மாத்திக்கலாம்னு. உள்ள போன முதல் நாள் படை தங்குன எடத்துல சமையலுக்கு ஒரு லட்சம் அடுப்பு போட வெச்சாரு, அடுத்த நாள் அம்பதாயிரம், அதுக்கடுத்த நாள் முப்பதாயிரம். பாங் ஜுவான் மூணு நாள் பின்தொடர்ந்து அடுப்புச் சாம்பல எண்ணிப் பாத்துட்டு குதிச்சான், "ச்சிகாரன் கோழைன்னு எனக்கு முன்னாடியே தெரியும், என் மண்ணுல மூணு நாள்தான் ஆச்சு, பாதிக்கு மேல ஓடிட்டான்"னு. காலாட்படைய பின்னாடி விட்டுட்டு, பொறுக்கி எடுத்த ஆளுங்கள மட்டும் கூட்டிகிட்டு, ரெண்டு நாள் பயணத்த ஒரே நாள்ல ஓடுனான்.

உங்க ஸ்லைடு பொதுவா இங்கதான் முடியுது, "பலத்த மறை, பலவீனத்த காட்டு"ன்னு. ஆனா சன் பின் இந்தத் திட்டத்த சொல்லும்போதே ஒரு கணக்க ஞாபகப்படுத்துறாரு, ஆதாயத்துக்கு ஆசப்பட்டு நூறு லீ விரட்டுனா பெரிய தளபதி விழுவான், அம்பது லீ விரட்டுனா பாதிப் படைதான் வந்துசேரும்னு. சன் சூ நூல்ல ஏழாவது அதிகாரத்துல இந்தக் கணக்கு இன்னும் விளக்கமா இருக்கு. கவசத்த சுருட்டிகிட்டு ராப்பகலா நூறு லீ, அதாவது நம்ம கணக்குக்கு நாப்பது கிலோமீட்டர் ஓடுனா பத்துல ஒருத்தன்தான் வருவான், அம்பது லீன்னா பாதி, முப்பது லீன்னா மூணுல ரெண்டு பங்கு. ஏன்னா எல்லாரும் ஒரே மாதிரி நடக்க மாட்டாங்க, திடமானவன் முன்னாடி போவான், அசந்தவன் பின்தங்குவான், சாமான் வண்டி அதுக்கும் பின்னாடி, சோறு அதுக்கும் பின்னாடி. அப்ப அந்த அடுப்பு எதுக்குன்னா, ச்சி படைய சின்னதா காட்டுறதுக்கு மட்டும் இல்ல, எதிரி படைய நெசமாவே சின்னதா ஆக்குறதுக்கு. ச்சி படைக்கு ஒரு அம்புகூட செலவாகல, பாங் ஜுவான் அவனாவே தன் காலாட்படைய கழட்டி விட்டுட்டான். ஒரு லட்சத்துலேருந்து முப்பதாயிரம் ஆனது ச்சியோட சாம்பல் மட்டுந்தான், நெசத்துல கொறஞ்சது வெய் படை.

அப்புறம் எடம். மாலிங் வழி ஒடுக்கம், ரெண்டு பக்கமும் மேடும் புதருமா ஆள் ஒளிய வசதி. சன் பின் எதிரி ஓடிவர்ற வேகத்த கணக்குப் போட்டு, இருட்டுற நேரத்துக்கு இங்க வருவான்னு முடிவு பண்ணாரு. அந்த நேரம்தான் முக்கியம், பகல்ல வந்தா ஒளிஞ்சவங்க தெரிஞ்சிருவாங்க. ஒரு பெரிய மரத்துல பட்டைய உரிச்சு வெள்ளையாக்கி "பாங் ஜுவான் இந்த மரத்தடியில சாவான்"னு எழுத வெச்சாரு, வழியோட ரெண்டு பக்கமும் குறுக்குவில் ஆளுங்கள நிறுத்தி, தீ வெளிச்சம் தெரிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா விடுங்கன்னு உத்தரவு. ராத்திரி பாங் ஜுவான் வந்தான், மரத்துல என்னமோ எழுதிருக்குன்னு தீ பத்தவெச்சு படிச்சான், படிச்சு முடிக்கறதுக்குள்ள பத்தாயிரம் வில்லும் விட்டுச்சு. படை சிதறிருச்சு, அவன் கழுத்த அறுத்துகிட்டான், வெய் இளவரசர் ஷென் கைதி ஆனாரு. சேத்துல கால் புதைஞ்ச யானைய நரி கொன்னுரும்னு வள்ளுவர் இடனறிதல்ல சொல்றது இதுதான், யானையோட பலம் அப்படியேதான் இருக்கு, நிக்கிற தரைதான் மாறிப்போச்சு.

ஒடுக்கமான வழியப் பத்தி சன் சூ பத்தாவது அதிகாரத்துல நேராவே சொல்லிருக்காரு. நீ முதல்ல போய்ட்டா வாய முழுசா அடைச்சுகிட்டு காத்திரு, எதிரி முதல்ல போய் அடைச்சிருந்தா பின்னாடி போகாத, அடைக்காம விட்டிருந்தா மட்டும் போ. பாங் ஜுவானும் போர்நூல் படிச்சவன்தான், ஆனா அந்த ஒடுக்கத்துல யார் முதல்ல போய் உக்காந்திருக்காங்கன்னு பாக்க ஒரு ஒற்றனகூட முன்னாடி அனுப்பினதா கதையில இல்ல.

இப்ப நான் ரொம்ப நாளா யோசிக்கிற விஷயத்துக்கு வர்றேன், உங்க வகுப்புல இத யாராவது கேட்டா எவ்ளோ நல்லாருக்கும்னு நினைப்பேன். அடுப்ப வெச்சு அவன் போட்ட கணக்கையே எடுத்துக்குங்க, ஒரு லட்சத்துல எழுபதாயிரம் கொறஞ்சிருச்சு. அந்தப் பங்கு ஆளுங்க எங்க? ஓடுனது அவங்க சொந்த ஊர்ல இல்லையே, வெய் நாட்டுக்குள்ள, பாங் ஜுவானோட மண்ணுல. ஒரு படையில பாதிக்கு மேல எதிரி நாட்டுல சிதறி ஓடுனா வழியில இருக்கற ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு பேராவது பிடிபட்டிருப்பான், பசிக்கு களவாடிருப்பான், கவசத்த வீசிட்டுப் போயிருப்பான், சனங்க வந்து புகார் சொல்லிருப்பாங்க. தன் நாட்டு சனங்ககிட்ட கேக்கறத விட சுலபமான வேவு எதுவும் இல்ல. ஒரு கைதி, வீசிட்டுப் போன ஒரு கவசம், எதுவும் கதையில வரல. அவன் சாம்பல மட்டும் எண்ணுனான், ஏன்னா சாம்பல் அவன் முன்னாடியே நம்புனதையே சொல்லுச்சு. எதிரியோட நெலமைய சாமி குறி கேட்டோ, பழைய சம்பவத்தோட ஒப்பிட்டோ, கணக்குப் போட்டோ தெரிஞ்சுக்க முடியாது, நேர்ல தெரிஞ்ச ஆள்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னு சன் சூ ஒற்றர் அதிகாரத்துல சொல்றாரு. அதே எடத்துல இன்னொண்ணும் சொல்றாரு, நூறு பொன்ன மிச்சம் பிடிக்கணும்னு ஒற்றனுக்கு காசு குடுக்காம எதிரிய தெரியாம இருக்கறவன் கொஞ்சம்கூட இரக்கம் இல்லாதவன்னு. இரக்கம்ங்கற வார்த்தைய அங்க ஏன் போட்டாருன்னா பழையபடி அந்த ஏழு லட்சம் குடும்பம்தான், தெரியாம இழுத்துகிட்டே போற ஒவ்வொரு நாளும் அவங்க தலையில விழுது.

அப்ப ஏமாத்துக்கு எதிர்மருந்தும் இதே நூலுக்குள்ளதான் இருக்கு. ஒன்பதாவது அதிகாரத்துல ஒரு பெரிய பகுதி அடையாளம் படிக்கறது, பறவை திடீர்னு எழும்புனா அடியில ஆள் ஒளிஞ்சிருக்கான், தூசி ஒசரமா கூரா எழும்புனா தேர் வருது, தாழ்வா அகலமா இருந்தா காலாட்படை, பணிவா பேசிகிட்டே ஆயத்தம் கூட்டுறான்னா அடிக்க வரப்போறான், ஆள் ஆயுதத்து மேல சாஞ்சு நிக்கிறான்னா பசி. பொய்யா ஓடுறவன விரட்டாதன்னும் ஏழாவதுல தனியா இருக்கு. நான் பாத்த வகுப்பு எல்லாமே ஏமாத்துறவன் பக்கம் நின்னுதான் பாடம் எடுக்குது, ஆனா ஏமாறாம இருக்கறது எப்படிங்கறதும் நூல்ல நெறைய இருக்கு.

இன்னொரு சம்பவம் சுருக்கமா. கி.பி. 2-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல யூ சூன்னு ஒரு ஹான் பேரரசு அதிகாரி, இந்த ஹான் மேல வந்த ஹான் நாடு இல்ல, பின்னாடி வந்த வேற வம்சம், அவரு கொஞ்சம் ஆளோட சியாங் மக்கள் படை சூழ்ந்த வழியா ஊடு போகணும். இவரு தினமும் அடுப்ப ரெட்டிப்பாக்கிகிட்டே போனாரு, வேகமாவும் போனாரு. கூட இருந்தவங்க கேட்டாங்க, சன் பின் அடுப்ப கொறச்சாரு நீங்க கூட்டுறீங்க, ஒரு நாளைக்கு முப்பது லீக்கு மேல போகாதன்னு போர்நூல் சொல்லுது நீங்க இருநூறு லீ போறீங்கன்னு. அவரு பதில், எதிரி நெறைய நாம கொஞ்சம், மெதுவா போனா பிடிச்சிருவான், அடுப்பு கூடுறத பாத்தா உள்ளூர் படை நம்மள எதிர்கொண்டு வந்து சேந்துகிட்டிருக்குன்னு நெனச்சு விரட்டப் பயப்படுவான், சன் பின் பலவீனத்த காட்டுனாரு நான் பலத்த காட்டுறேன், நெலமை வேறங்கறதுதான் காரணம். அடுப்பு தந்திரத்த ஃபார்முலாவா மனப்பாடம் பண்ணிருந்தா இந்த மனுஷன் வழியிலயே செத்திருப்பாரு.

கதைய எவ்ளோ நம்பலாம்ங்கறதயும் வகுப்புல சொல்லணும்னு கேட்டுக்கறேன். சிமா சியான் இத எழுதுனது சண்டை நடந்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம். 1972-ல ஷான்டாங் மாகாணம் லின்யீ பக்கத்துல யின்சுவேஷான்ல ஒரு ஹான் கால கல்லறையில மூங்கில் பட்டையில எழுதுன சன் சூ நூலும், தொலஞ்சுபோச்சுன்னு நெனச்ச சன் பின் நூலும் தனித்தனியா கெடச்சுச்சு. அதுல பாங் ஜுவான் 12 வருஷம் முன்னாடி நடந்த குய்லிங் சண்டையிலயே பிடிபட்டுட்டான்னு இருக்கு. சிமா சியான் சொல்ற மாதிரி மாலிங்ல கழுத்தறுத்துகிட்டவன் அப்புறம் எப்படி வந்தான்னு இன்னும் முழுசா ஒத்துப்போகல. ஒரு லட்சம் அடுப்புங்கற எண்ணிக்கையையும் மரத்துல எழுதுன வாசகத்தையும் நான் அப்படியே நம்பல. ஆனா அந்தக் குய்லிங் பதிவுலயும் பாங் ஜுவான் சாமான் வண்டிய விட்டுட்டு ஓட்டமா ஓடிவந்துதான் மாட்டுறான், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

சரி, நீண்ட போருக்கு வருவோம், ஏன்னா மாலிங்கோட வெலை சண்டை நடந்த ராத்திரியில முடிஞ்சிரல. படை களைச்சு, பலம் வடிஞ்சு, பணம் தீந்தா மத்த அரசனுங்க அந்த நேரம் பாத்து எந்திரிப்பாங்க, அப்புறம் எவ்ளோ புத்திசாலி இருந்தாலும் சரிபண்ண முடியாதுன்னு ரெண்டாவது அதிகாரத்துலயே இருக்கு. வெய் மன்னர் ஹுய் சாவ் நாட்ட அடிச்சாரு, ஹான் நாட்ட அடிச்சாரு, வருஷக்கணக்கா ஏதாவது ஒரு எல்லையில படை நின்னுகிட்டே இருந்துச்சு. மாலிங் முடிஞ்ச அடுத்த வருஷமே, கி.மு. 340-ல மேற்கேருந்து ச்சின் நாட்டு ஷாங் யாங் படையோட வந்தாரு, வெய் தளபதி பழைய சிநேகிதர், சமாதானம் பேசலாம் வான்னு கூப்பிட்டு விருந்துல வெச்சு பிடிச்சுட்டு படைய அடிச்சாரு. உங்க ஸ்லைடு கணக்குல இதுவும் ஏமாத்துதான், ஆனா நான் இதையும் மாலிங்கையும் ஒரே தட்டுல வைக்க மாட்டேன். மாலிங்ல எதிரி தன் கண்ணால பாத்தத தப்பா படிச்சான், இங்க ஒருத்தன் குடுத்த வாக்க நம்புனான். வாக்க உடைச்சு ஜெயிச்ச ஷாங் யாங் பின்னாடி ச்சின்லேருந்து தப்பி வெய் நாட்டுக்கு ஓடுனப்ப, அந்தத் துரோகத்துக்காகவே வெய் அவர ஏத்துக்கல, அது அவரோட சாவுல போய் முடிஞ்சுச்சு.

அதே ஹுய் மன்னர் வயசான காலத்துல சீனத் தத்துவ ஆசான் மென்சியஸ்கிட்ட பேசுறது பதிவுல இருக்கு. கெழக்குல ச்சிகிட்ட தோத்தேன், என் மூத்த மகன் அங்க செத்தான், மேற்குல எழுநூறு லீ மண்ண ச்சின்னுக்கு விட்டேன், தெக்குல ச்சூகிட்ட அவமானப்பட்டேன், செத்தவங்களுக்காக ஒரு தடவயாவது பழி தீக்கணும்னு இருக்கு, என்ன பண்ணலாம்னு கேக்குறாரு. மென்சியஸ் சொன்ன பதில்ல படை யோசனை எதுவும் இல்ல. தண்டனைய கொறைங்க, வரிய கொறைங்க, சனங்கள ஆழமா உழ விடுங்க, நேரத்துக்கு களை எடுக்க விடுங்கன்னுதான் சொல்றாரு.

உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டே விஷயம். அடுத்த வகுப்புல அந்த ஏமாத்து வரிக்கு முன்னாடி ரெண்டாவது அதிகாரத்தோட செலவுக் கணக்க ஒரு பத்து நிமிஷம் வாசிச்சுக் காட்டுங்க, பசை அரக்கு உட்பட. அடுப்பு கதைய சொன்னீங்கன்னா சொல்லி முடிச்சதும் நிறுத்திட்டு, ஓடிப்போனதா நெனச்ச அத்தன பேரும் எங்க போயிருப்பாங்கன்னு உக்காந்திருக்கறவங்கள கேளுங்க, பதில அவங்களே தேடட்டும். என் பக்கத்துல உக்காந்திருந்த அந்தப் பையன் கண்டிப்பா கையத் தூக்குவான்.